அம்மாவின் மாத்திரை அட்டவணை: பையைக் கொட்டுவதில் தொடங்கி டிக் அடிப்பது வரை

மருந்து அட்டவணை என்றதும் பலரும் கணினியைத் திறந்து கட்டம் போடத் தொடங்கிவிடுகிறார்கள். கட்டம் போடுவது கடைசி வேலை. அதற்கு முன்னால் வீட்டில் என்னென்ன மாத்திரை இருக்கிறது, அவற்றில் எவை உண்மையிலேயே வயிற்றுக்குள் போகின்றன என்று தெரிய வேண்டும். அது தெரியாமல் அழகாக அச்சடித்து ஒட்டினால், இருக்கும் குழப்பத்துக்கு ஒரு சட்டம் போட்டு மாட்டியதாகத்தான் ஆகும்.

காட்பாடியில் மருந்துக் கடைக் கவுண்ட்டரில் நிற்பவன் நான். ஒரே ஒரு வீட்டின் கதையை வைத்து முழு வேலையையும் சொல்கிறேன். குடியாத்தம் பக்கத்துக் கிராமத்தில் 72 வயது அம்மா. சுகர், பி.பி., தைராய்டு மூன்றும் உண்டு. முழங்கால் வலியும் உண்டு. மகன் சென்னையில், மருமகள் உடன் இருக்கிறார். கீழே வரும் மாத்திரைகளும் அளவுகளும் அந்த அம்மாவுக்கு அவருடைய மருத்துவர்கள் எழுதியவை. உங்கள் வீட்டுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது முறையை மட்டும்தான்.

முதலில் பையைக் கொட்டுங்கள்

மாத்திரைப் பை, சாமி மாடம், அலமாரி, கைப்பை, தலையணைக்கடி என்று எல்லா இடத்திலிருந்தும் எடுத்து ஒரு பாயில் பரப்புங்கள். கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை, கண் சொட்டு மருந்து, சூரணம், லேகியம், சத்து மாத்திரை எதையும் ஒதுக்காதீர்கள். “அது மருந்து இல்லை, சும்மா சத்துக்கு” என்று ஒதுக்கப்படும் கால்சியம்தான் தைராய்டு மாத்திரையை வேலை செய்யவிடாமல் தடுக்கும்.

அந்த அம்மாவின் பாயில் மூன்று வழியாக வந்த மாத்திரைகள் இருந்தன. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொடுத்த சுகர், பி.பி. அட்டைகள் ஒரு பக்கம். வேலூரில் தனியார் மருத்துவர் எழுதிக் கொடுத்தவை இன்னொரு பக்கம். முழங்கால் வலிக்கு யாரோ சொல்லி வாங்கிய மாத்திரை மூன்றாவது.

இப்போது ஒவ்வொரு அட்டையையும் திருப்பிப் பாருங்கள். முன்னால் பெரிதாக இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதற்குக் கீழேயோ பின்பக்கமோ பொடி எழுத்தில் இருப்பது உட்பொருளின் பெயரும் மில்லிகிராம் அளவும். உங்கள் தாளில் எழுத வேண்டியது இந்தப் பொடி எழுத்தைத்தான். எழுத்து தெரியவில்லை என்றால் செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். அல்லது மருந்துக் கடையில் நீட்டிக் கேளுங்கள்.

அப்படி எழுதியபோது கிடைத்தது இது. அரசு கொடுத்த பி.பி. அட்டையில் அம்லோடிபின் 5 மி.கி., காலையில் ஒன்று. தனியார் மருத்துவர் எழுதிய பி.பி. மாத்திரை வேறு பெயர், வேறு நிறம். ஆனால் அதன் பின்பக்கத்தில் டெல்மிசார்டன் 40, அம்லோடிபின் 5 என்று இரண்டு பொருள் இருந்தன. அம்மா இரண்டையும் போட்டுக்கொண்டிருந்தார். ஆக, ஐந்து போதும் என்று மருத்துவர் நினைத்த அம்லோடிபின் பத்தாகிவிட்டது. சுகரிலும் இதே கதை. அரசு கொடுத்தது மெட்ஃபார்மின் 500, காலை இரவு ஒவ்வொன்று. தனியார் எழுதிய காலை மாத்திரையில் கிளிமிபிரைடு 1 மி.கி.யுடன் மெட்ஃபார்மின் 500 சேர்ந்தே இருந்தது.

அம்லோடிபின் அளவு ஏறினால் பலருக்குக் கணுக்காலைச் சுற்றி வீக்கம் வரும். அம்மாவுக்கும் சாயங்காலமானால் கால் வீங்கியது, மெட்டி இறுகியது. வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிட்டார்கள். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் அந்த வீக்கத்துக்கு நீர் பிரியும் மாத்திரை ஒன்று சேர்ந்திருக்கும். ஒரு மாத்திரையின் விளைவுக்கு இன்னொரு மாத்திரை என்று பட்டியல் நீளுவது பெரும்பாலும் இப்படித்தான். உட்கார்ந்து எழும்போது தலை கிறுகிறுப்பதும் பி.பி. மாத்திரை இரட்டிப்பானதற்கு அடையாளமாக இருக்கலாம்.

கண்டுபிடித்தவுடன் ஒன்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எழுதிய தாளையும் எல்லா அட்டைகளையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். “இது அங்கே கொடுத்தது, இது நீங்கள் எழுதியது, இரண்டிலும் இந்தப் பொருள் இருக்கிறது, எதைத் தொடர வேண்டும்?” இந்த ஒரே கேள்வி போதும். அந்த அம்மாவுக்கு மருத்துவர் அரசு கொடுத்த அம்லோடிபினை நிறுத்தினார். காலை மெட்ஃபார்மினை நிறுத்தி, இரவு மெட்ஃபார்மினை மட்டும் வைத்தார். முழங்கால் வலி மாத்திரை பி.பி.யை ஏற்றும், டெல்மிசார்டனுடன் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குச் சுமை என்று அதையும் எடுத்துவிட்டார்.

சீட்டைப் படிப்பது

1-0-1 என்றால் காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. சிலர் நான்கு எண்ணாக 1-0-0-1 என்று எழுதுவார்கள். அப்போது மூன்றாவது இடம் சாயங்காலம், நான்காவது இரவு. எண்கள் எத்தனை என்று முதலில் எண்ணிவிட்டுப் படியுங்கள். ஓ.டி. என்றால் நாளுக்கு ஒரு வேளை, பி.டி. இரு வேளை, டி.டி.எஸ். மூன்று வேளை, ஹெச்.எஸ். படுக்கப் போகும்போது, எஸ்.ஓ.எஸ். தேவைப்பட்டால் மட்டும்.

உங்கள் தாளில் இந்தச் சுருக்கம் எதுவும் வேண்டாம். “½” என்று எழுதினால் வயதான கண்ணுக்கு அது 1 அல்லது 2 ஆகத் தெரியும். “அரை மாத்திரை” என்று எழுத்தால் எழுதுங்கள். பாதியாக உடைக்கச் சொல்லியிருந்தால், உடைக்கக்கூடிய மாத்திரைதானா என்று கடையில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., இ.ஆர். என்று இருப்பவை மருந்தை மெதுவாக விடுபவை. அவற்றை மருத்துவரைக் கேட்காமல் உடைக்கவோ நசுக்கவோ மெல்லவோ கூடாது. உடைத்தால் பல மணி நேரத்துக்கான மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும்.

வாரம் ஒருமுறை மாத்திரைகளுக்குத் தனி எச்சரிக்கை. வைட்டமின் டி 60,000 யூனிட் வாரம் ஒன்று என்று எழுதப்பட்டிருக்கும். மூட்டு வாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட்டும் வாரம் ஒருமுறைதான். அதை நாள்தோறும் போட்டு உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு. இவற்றைத் தினசரி வரிசைகளோடு கலக்காமல் தாளின் அடியில் தனிக் கட்டத்தில், கிழமையின் பெயரோடு எழுதுங்கள். மற்ற ஆறு நாள் கட்டங்களையும் பேனாவால் அடைத்துவிடுங்கள்.

கடிகாரம் அம்மாவின் நாளிலிருந்து வர வேண்டும்

“காலை 8, மதியம் 2, இரவு 8” என்று உங்கள் வசதிக்கு எழுதினால் அந்தத் தாள் ஒரு வாரம் தாண்டாது. அம்மா எத்தனை மணிக்கு எழுகிறார், எப்போது காபி, எப்போது முதல் சாப்பாடு, மதியம் வீட்டில் இருக்கிறாரா, எப்போது படுக்கிறார் என்று கேட்டு எழுதுங்கள். பிறகு மாத்திரைகளை அந்த நாளில் பொருத்துங்கள்.

இதில் கறாரான மாத்திரை தைராக்ஸின்தான். வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில், காலை உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு போட வேண்டும். காபி குடித்தால் அது உடம்பில் ஏறுவது குறையும். கால்சியமும் இரும்புச் சத்தும் குறைந்தது நான்கு மணி நேரம் தள்ளி இருக்க வேண்டும். அந்த அம்மா ஐந்தரைக்கு எழுந்து, பால் வந்ததும் காபி போட்டு, காபியோடு எல்லா மாத்திரைகளையும் ஒன்றாக விழுங்கிக்கொண்டிருந்தார். அவரைக் காபியை விடச் சொல்வது நடக்காத காரியம். எழுந்து வாய் கொப்பளித்தவுடன் மாத்திரை, வாசல் தெளித்துக் கோலம் போட்டுப் பால் வாங்கி வந்து ஆறரைக்குக் காபி என்று மாற்றினோம். இதுவும் முடியாத வீடுகளில், கடைசிச் சாப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாமா என்று மருத்துவரைக் கேட்கலாம். சிலருக்கு அப்படி மாற்றிக் கொடுக்கிறார்கள்.

கிளிமிபிரைடு இதற்கு நேர் எதிர். அது சாப்பாட்டோடு கட்டிப்போட்ட மாத்திரை. போட்டுவிட்டுச் சாப்பிடத் தாமதமானால் சர்க்கரை இறங்கிவிடும். ஆகவே “8:30” என்று மட்டும் எழுதாமல் “இட்லி தட்டு முன்னால் வந்த பிறகு” என்று எழுதினோம். கூழோ களியோ எதுவானாலும் தட்டு வந்தால்தான் மாத்திரை. மெட்ஃபார்மினைச் சாப்பாட்டோடு போட்டால் வயிற்றுப் புரட்டல் குறையும். டெல்மிசார்டன், அம்லோடிபின் போன்றவற்றுக்குச் சாப்பாடு பெரிய விஷயமில்லை. தினமும் ஒரே நேரம் என்பதுதான் முக்கியம்.

தாள்

ஏ4 தாளைப் படுக்கைவாட்டில் வையுங்கள். ஒரு தாள் ஒரு வாரத்துக்கு. மேலே பெயர், வயது, எந்த மருந்து ஒவ்வாது, கடைசியாக எடுத்த கிரியேட்டினின் அளவும் அதன் தேதியும், மருத்துவர் எண், மகன் எண், தாள் திருத்திய தேதி. கிரியேட்டினின் எதற்கு என்றால், மெட்ஃபார்மின் போன்றவற்றின் அளவைச் சிறுநீரகத்தின் நிலை பார்த்துத்தான் வைக்கிறார்கள். புது மருத்துவர் யாரானாலும் முதலில் கேட்பது அதுவாக இருக்கும்.

| நேரம் | மாத்திரை | எதற்கு | அளவு | சாப்பாடு | தி | செ | பு | வி | வெ | ச | ஞா |
|---|---|---|---|---|---|---|---|---|---|---|---|
| காலை 5:30, எழுந்ததும் | தைராக்ஸின் 50 மைக்ரோகிராம் | தைராய்டு | ஒன்று | வெறும் வயிறு, தண்ணீர் மட்டும். காபி 6:30க்கு | | | | | | | |
| காலை 8:30 | கிளிமிபிரைடு 1 மி.கி. + மெட்ஃபார்மின் 500 மி.கி. | சுகர் | ஒன்று | தட்டு வந்த பிறகு. சாப்பிடாவிட்டால் போடக் கூடாது | | | | | | | |
| காலை 9:00 | டெல்மிசார்டன் 40 மி.கி. + அம்லோடிபின் 5 மி.கி. | பி.பி. | ஒன்று | சாப்பிட்ட பின் | | | | | | | |
| மதியம் 1:30 | கால்சியம் 500 மி.கி. | எலும்பு | ஒன்று | சாப்பாட்டோடு | | | | | | | |
| இரவு 8:00 | மெட்ஃபார்மின் 500 மி.கி. | சுகர் | ஒன்று | சாப்பாட்டோடு | | | | | | | |
| இரவு 9:30, படுக்கும்போது | அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. | கொழுப்பு | ஒன்று | எப்படியும் போடலாம் | | | | | | | |
| ஞாயிறு மதியம் மட்டும் | வைட்டமின் டி 60,000 யூனிட் | எலும்பு | ஒன்று | சாப்பிட்ட பின் | ■ | ■ | ■ | ■ | ■ | ■ | |

கம்பெனிப் பெயரை உட்பொருளுக்குக் கீழே பென்சிலால் எழுதுங்கள். கடையில் இருப்பு இல்லாமல் வேறு கம்பெனி மாத்திரை வந்தால் அழித்து மாற்றிக்கொள்ளலாம். நிறம் மாறியதைப் பார்த்து “இது புது மாத்திரை” என்று பழையதையும் சேர்த்துப் போடுவது இதனால் நிற்கும். அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது பெயரும் காலாவதித் தேதியும் இருக்கும் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். மாத்திரையை மறுமுனையிலிருந்து பிதுக்கி எடுங்கள்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்றால், காலியான அட்டையிலிருந்து ஒரு துண்டு வெட்டி அந்தந்த வரியில் ஒட்டுங்கள். சூரியன், நிலா படம் வரைந்தால் வேளை புரியும். மாத்திரையையே ஒட்டாதீர்கள், பேரக் குழந்தை இருக்கும் வீடு.

தாளை மாட்ட வேண்டிய இடம் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கம். பேனாவை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். பேனா தேடப் போகிறவர் திரும்பி வந்து டிக் அடிப்பதில்லை.

டிக் அடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது

“காலையில் போட்டேனா? போட்ட மாதிரிதான் இருக்கிறது.” இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தத் தாள். அதனால் டிக் எப்போது விழுகிறது என்பது முக்கியம். அட்டையிலிருந்து எடுத்தவுடன் இல்லை. தண்ணீர் குடித்து விழுங்கிய பிறகு. எடுத்து வைத்துவிட்டு வாசலில் யாரோ கூப்பிட்டதும் போய்விடுவது தினமும் நடப்பது.

கட்டத்தில் மூன்று நிலை வேண்டும். விழுங்கினால் டிக். வேண்டுமென்றே விட்டால் பெருக்கல் குறியும் ஒரு சொல் காரணமும்: “வாந்தி”, “சாப்பிடவில்லை”, “தீர்ந்துவிட்டது”. கட்டம் காலியாக இருந்தால் தெரியவில்லை என்று பொருள். காலிக் கட்டத்தை மாலையில் உத்தேசமாக நிரப்பக் கூடாது. மருமகளுக்கும் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். “அத்தை, போட்டிருப்பீர்கள்” என்று பாசத்தில் அடிக்கும் டிக் ஆபத்தானது.

காலிக் கட்டத்தைப் பார்த்ததும் என்ன செய்வது? முதலில் அட்டையை எண்ணுங்கள். அதிலும் தெரியவில்லை என்றால், இந்த அம்மாவின் பட்டியலில் இருக்கும் சுகர், பி.பி. மாத்திரைகளைச் சந்தேகத்தின் பேரில் மறுபடி கொடுக்கக் கூடாது. ஒரு வேளை தவறினால் அன்றைக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். இரண்டு முறை கிளிமிபிரைடு போனால் சர்க்கரை தாழ்ந்து மயக்கத்தில் கொண்டுபோய் விடும். போடவில்லை என்று உறுதியாகத் தெரிந்து, அடுத்த வேளைக்கு நிறைய நேரம் இருந்தால் போடலாம். கிளிமிபிரைடை மட்டும் சாப்பாடு இல்லாமல் போடக் கூடாது. அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிட வேண்டும். இரண்டாகச் சேர்த்துப் போடவே கூடாது. வலிப்பு மாத்திரை, இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை போன்றவற்றுக்கு விதி வேறாக இருக்கும். அவற்றை மருத்துவரிடம் கேட்டு அந்தந்த வரிக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மகனுக்கு ஒரு வேலை இருக்கிறது. தாளையும் அட்டைகளையும் அருகருகே வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும். திங்கள் காலை பத்து மாத்திரை உள்ள புது அட்டை, நாளுக்கு ஒன்று என்றால் ஞாயிறு இரவு மூன்று மிஞ்ச வேண்டும். டிக் ஏழும் இருந்து ஐந்து மாத்திரை மிஞ்சினால் இரண்டு டிக் வெறும் டிக். ஒன்றே மிஞ்சினால் இரண்டு மாத்திரை கூடுதலாகப் போயிருக்கிறது. இரண்டாவதுதான் அவசரமாகப் பேச வேண்டிய விஷயம்.

அந்த வீட்டில் முதல் வாரத் தாளில் மதியக் கால்சியம் வரிசை மட்டும் ஏறக்குறைய காலி. அம்மா மதியத்தில் நிலக்கடலைக் கொல்லையில் இருந்தார். மறதி இல்லை, வீட்டிலேயே இல்லை. அவரைத் திட்டுவதை விட்டுக் கால்சியத்தை இரவுச் சாப்பாட்டுக்கு மாற்ற முடியுமா என்று மருத்துவரைக் கேட்டோம். அதிகாலைத் தைராக்ஸினிலிருந்து அதுவும் போதிய தூரம்தான், சரி என்றார். மறு வாரம் அந்த வரிசை நிரம்பியது.

சாப்பிடாத நாள்

இங்கே ஆடிக் கிருத்திகை, சஷ்டி, ஏகாதசி என்று விரதம் வராத மாதம் குறைவு. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் ரமலான் நோன்பு. இதற்குத் தாளின் அடியில் ஒரு கட்டம் தேவை. விரத நாளில் எந்த மாத்திரையை நிறுத்துவது, எதை மாற்றுவது என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுங்கள். ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே கேட்க வேண்டும். சஹர், இஃப்தார் நேரத்துக்கு முழு அட்டவணையையும் திருப்பி எழுத வேண்டியிருக்கும்.

வேலூர் வெயிலில் வாந்தி, பேதி வந்து தண்ணீர் வற்றும் நாளும் இதே வகைதான். டெல்மிசார்டனும் மெட்ஃபார்மினும் அப்போது சிறுநீரகத்துக்குச் சிக்கல் தரலாம். போடலாமா என்று அன்றைக்கே போன் செய்து கேட்க வேண்டும் என்பதைக் கட்டத்தில் எழுதி வையுங்கள்.

அதற்குக் கீழே, பெரிய எழுத்தில்: வியர்வை, நடுக்கம், குழப்பமான பேச்சு இருந்தால் சுகர் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இன்னும் 70க்குக் கீழே என்றால் இன்னொரு முறை சர்க்கரைத் தண்ணீர். ஏறியதும் சாப்பாடு. கருவி இல்லை என்றால் பார்க்கக் காத்திருக்காமல் கொடுத்துவிடுங்கள். நினைவு இல்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108க்குக் கூப்பிடுங்கள்.

மருத்துவர் மாற்றி எழுதினால்

மருத்துவமனைக்குப் போகும்போது நிரப்பிய தாள்களை எடுத்துக்கொண்டு போங்கள். “ஒழுங்காகப் போடுகிறீர்களா அம்மா?” என்ற கேள்விக்கு வாய் சொல்லும் பதிலும் தாள் சொல்லும் பதிலும் வேறாக இருக்கலாம். மூன்று மாதச் சுகர் கூடியிருந்தால் மருந்து போதவில்லையா, போடவே இல்லையா என்று மருத்துவர் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

மாற்றம் எதுவானாலும் பழைய தாளில் அடித்துத் திருத்தாதீர்கள். புதுத் தாள் எழுதி, திருத்திய தேதி போட்டு, ஜெராக்ஸ் எடுத்து, சுவரில் இருந்த பழையதையும் சமையலறைக் கதவில் இருந்த பிரதியையும் கிழித்துவிடுங்கள். நிரப்பிய வாரத் தாள்கள் கோப்பில் இருக்கட்டும். நிறுத்திய மாத்திரை வீட்டில் இருந்தால் என்றைக்காவது பைக்குள் திரும்பிப் போகும். மருந்து கொண்டுவரும் தன்னார்வலரிடம் புதுத் தாளைக் காட்டி, இனி அம்லோடிபின் வேண்டாம் என்று பதிவில் எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறையும் அது வந்துகொண்டே இருக்கும்.